பூஜ்யம் வராத கட்டம்

ஷஃபீகாவுக்குப் பயம் வந்தால் முதலில் வயிற்றுக்குத்தான் வரும். மூளைக்குத் தகவல் போய்ச் சேர்வதற்குள் பாதிக் காரியம் கெட்டுப்போயிருக்கும். அன்று காலையிலும் அப்படித்தான். மேலப்பாளையத்தில் வீட்டை விட்டுப் புறப்படும்போதே வயிறு கலங்க ஆரம்பித்தது. குலவணிகர்புரம் ரயில்வே கேட் மூடியிருந்ததைப் பார்த்ததும் அது முறுக்கிக்கொண்டது. பைக்கை ஓட்டிவந்த கணவர் ஆரிப், மிக்ஸி ரிப்பேர் கடைக்காரர், எதற்கும் அலட்டிக்கொள்ளாத மனுஷன். பைக்கை நிறுத்திவிட்டு முன்னால் நின்ற லாரிக்காரரோடு வெயிலைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்.

"இந்தாங்க, கேட்டத் தொறக்கச் சொல்லுங்களேன்" என்றாள் ஷஃபீகா.

"நான் சொன்னா ரயில் நின்னுருமா? சும்மா இரி. நேரம் கெடக்கு."

நேரம் கிடந்ததுதான். பாளையங்கோட்டையில் கல்லூரிக்குள் அவள் நுழைந்தபோது தேர்வு ஆரம்பிக்கவே இல்லை. கம்ப்யூட்டர் லேப் வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. உள்ளே போகிறவர்கள் வெறுங்காலோடுதான் போக வேண்டும் என்பது அங்கே சட்டம். சுவரோரம் நின்று ரெக்கார்டு நோட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்த பிள்ளைகள், புர்காவும் கண்ணாடியுமாக ஒருத்தி வருவதைக் கண்டதும் சட்டென்று விலகி நின்று "குட் மார்னிங் மிஸ்" என்றார்கள். தேர்வு நடத்த வந்தவள் என்று நினைத்துவிட்டார்கள். நானும் தேர்வு எழுதத்தான் வந்திருக்கிறேன் என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. பதிலுக்கு ஒரு குட் மார்னிங்கைச் சொல்லிவிட்டு மூலையில் போய் நின்றுகொண்டாள்.

கதை இதுதான். இதே கல்லூரியில் கணிதம் படித்தவள் ஷஃபீகா. கடைசி வருடம் படித்துக்கொண்டிருக்கும்போதே நிக்காஹ் ஆயிற்று. எழுத்துத் தேர்வுகளை எல்லாம் நன்றாகவே எழுதினாள். செய்முறைத் தேர்வு அன்று மட்டும் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. மகள் வயிற்றில் இருந்தாள், தண்ணீர் குடித்தாலும் வாந்தி. அடுத்த தடவை எழுதிக்கொள்ளலாம் என்றார்கள். அடுத்த தடவை கையில் பிள்ளை. அதற்கடுத்த தடவை மாமியாருக்கு முட்டு ஆபரேஷன். அப்புறம் ஒருநாள், அந்தச் செய்முறைத் தாளையே பாடத்திட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று சேதி வந்தது. ஒரே ஒரு தாள் மிச்சமிருக்க, பட்டம் என்கிற அந்தச் சனியன் கைக்கு எட்டாமலே போய்விட்டது.

ஆனாலும் சும்மா இருக்கிற பெண் இல்லை அவள். பக்கத்துத் தெரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் சேர்ந்து ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளுக்குக் கணக்கு எடுத்தாள். தலைமை ஆசிரியை சாலோமி டீச்சருக்கு விஷயம் தெரியும். "ஒரு பிராக்டிக்கல்தானம்மா, எழுதிட்டு சர்ட்டிபிகேட்டக் கொண்டாந்து குடு" என்று சேர்த்துக்கொண்டார். வருடங்கள் ஓடின. ஷஃபீகா மிஸ் எடுத்தால் பின்னம்கூடப் புரியும் என்று ஊரில் பேர் வந்தது. சர்ட்டிபிகேட் மட்டும் வரவில்லை.

போன தை மாதம் சாலோமி டீச்சர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். இனிமேல் பட்டம் இல்லாதவர்களை வகுப்பில் வைக்கக் கூடாது என்று நிர்வாகத்தில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்களாம். "ஜூன் வரைக்கும் நான் தாக்காட்டுதேன். அதுக்கு மேல என் கையில ஒண்ணும் இல்லம்மா" என்றார். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. அல்லாஹ் ஒரு வழி விட்டான். பழைய மாணவர்களுக்கு ஒரு சிறப்பு வாய்ப்பு, இதுவே கடைசி என்று பல்கலைக்கழகத்தில் அறிவித்தார்கள். எடுத்துவிட்ட பழைய தாளுக்கு ஈடாக வேறு ஒரு செய்முறைத் தாள்: எக்செல் ஷீட்டில் மேட்ரிக்ஸ் என்கிற அணிக் கணக்குகளைப் போடுவது.

அவள் படித்த காலத்தில் அது கிடையாது. பள்ளி அலுவலகக் கம்ப்யூட்டரில் சாயங்காலங்களில் உட்கார்ந்து பழகினாள். மகள் நஃபீஸத் பிளஸ் டூ. அவளுக்கும் முதல் பாடமே அணிகள்தான். ஒரே வீட்டில் இரண்டு பேரும் அணிக்கோவை கண்டுபிடித்துக்கொண்டிருந்தால் சோறு யார் பொங்குவது என்று ஆரிப் கேட்டார்.

"உம்மா, கையில போடுதது ஒனக்குத் தண்ணிபட்ட பாடு. மூணு விரல்தான் ஒனக்கு வர மாட்டேங்குது" என்று மகள் சிரிப்பாள்.

மூன்று விரல் என்பது இது. ஷீட்டில் ஒரு அணியின் நேர்மாறு, அதாவது இன்வர்ஸ், வேண்டுமென்றால், விடைக்காக நாலு கட்டங்களை முதலில் மொத்தமாகத் தேர்ந்துகொள்ள வேண்டும். சூத்திரத்தை அடித்துவிட்டு வெறும் என்டரைத் தட்டினால் ஒரு கட்டத்துக்கு மட்டும்தான் விடை வரும். கன்ட்ரோல், ஷிஃப்ட், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால்தான் நாலு கட்டமும் நிரம்பும். ஷஃபீகாவின் விரல்கள் சாக்பீஸ் பிடித்த விரல்கள். பதற்றத்தில் என்டர் மட்டும் முந்திக்கொள்ளும்.

லேப் கதவு திறந்தது. வந்து நின்று பதிவெண்களைக் கூப்பிட்டவளைப் பார்த்ததும் ஷஃபீகாவுக்கு ஒரு கணம் வயிறே மறந்துவிட்டது. விஜயஸ்ரீ. மூன்று வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். இப்போது இதே கல்லூரியில் பேராசிரியை. அவள்தான் உள்தேர்வாளர். கூப்பிட்டு முடித்துவிட்டு, பிள்ளைகள் உள்ளே போகிற சாக்கில் பக்கத்தில் வந்து மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஏட்டி ஷபி, கை ஏன் இப்படி ஜில்லுன்னு இருக்கு?"

"பயமா இருக்குட்டி."

"நான் இருக்கம்லா. ஆனா வெளியூர்லருந்து வந்திருக்க சார் கொஞ்சம் கறார். குமரகுருபரன்னு பேரு. மார்க் போடுதது அவருதான். நீ பைய நிதானமாப் போடு."

நான் இருக்கம்லா என்ற சொல்லைப் பற்றிக்கொண்டுதான் ஷஃபீகா உள்ளே போனாள். பின்னால் அது என்ன பாடு படுத்தப்போகிறது என்று அவளுக்கு எங்கே தெரியும்.

குமரகுருபரன் ஒடிசலான மனிதர். தொண்டை கட்டியிருந்தது; வாயில் ஒரு இருமல் மிட்டாயை ஒதுக்கிக்கொண்டே, மேஜையில் மடித்துப் போட்டிருந்த சீட்டுகளில் ஒன்றை எடுக்கச் சொன்னார். ஷஃபீகா பிஸ்மி சொல்லி எடுத்தாள். மேல் வரிசையில் 2, 1. கீழ் வரிசையில் 5, 3. இந்த அணியின் அணிக்கோவை மதிப்பையும் நேர்மாறையும் ஷீட்டில் காண்க, பெருக்கிச் சரிபார்க்க. அவ்வளவுதான். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தால்கூடப் போட்டுவிடும் என்று ஒரு தைரியம் வந்தது.

கடைசி வரிசையில், ஜன்னலோரம் அவளுக்கு இடம். எண்களை நாலு கட்டங்களில் அடித்தாள். அணிக்கோவைக்கான சூத்திரத்தைப் போட்டதும் 1 என்று வந்தது. கீழே நாலு கட்டங்களைத் தேர்ந்து, நேர்மாறுக்கான சூத்திரம் அடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்று விரலையும் சேர்த்து அழுத்தினாள். மேலே 3, -1. கீழே -5, 2. பின்னம் இல்லை, தசமப் புள்ளி இல்லை, கழுவி வைத்த பாத்திரம் மாதிரி சுத்தமான எண்கள். மாஷா அல்லாஹ் என்றது மனசு. வயிறுகூட அடங்கிவிட்டது.

இனி பெருக்கிச் சரிபார்ப்பது ஒன்றுதான் பாக்கி. நேர்மாறையும் மூல அணியையும் பெருக்கினால் அலகு அணி வர வேண்டும்: மேலே 1, 0, கீழே 0, 1. வராவிட்டால் நேர்மாறு தப்பு. இதில் இடைப்பட்ட சமாதானம் எதுவும் கிடையாது. இன்னும் நாலு கட்டங்களைத் தேர்ந்து, பெருக்கல் சூத்திரம் அடித்து, மூன்று விரல்.

மேல் இடது கட்டத்தில் 1 வந்தது. கீழே 0, 1 வந்தது. மேல் வலது மூலையில், பூஜ்யம் வர வேண்டிய இடத்தில், 8.88E-16 என்று நின்றது.

ஷஃபீகா அதையே பார்த்தாள். எட்டு. எட்டே முக்காலுக்கும் மேலே. பூஜ்யம் வர வேண்டிய இடத்தில் எட்டே முக்கால் வந்தால் அது எப்படிச் சரியான விடை ஆகும்? அந்த எண்ணுக்குப் பின்னால் ஒட்டியிருந்த E-யும் பதினாறும் அவள் கண்ணுக்குத் தெரிந்தன, மூளைக்குப் போகவில்லை. சொன்னேன் இல்லையா, அவளுக்குப் பயம் வந்தால் அப்படித்தான். சூத்திரத்தை அழித்துவிட்டு மறுபடி போட்டாள். அதே எண். மூல அணியின் எண்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துச் சரிபார்த்தாள். 2, 1, 5, 3. எல்லாம் சரி. மறுபடி போட்டாள். அதே 8.88, அதே மூலையில், அசையாமல் இருந்தது.

பள்ளிக்கூடத்தில் தன் வகுப்பறையும், அங்கே வேறு யாரோ நின்று கணக்கு எடுப்பதும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. இந்த வாய்ப்பும் போனால் வேறு வாய்ப்பு கிடையாது. ஜூன் மாதம் வீட்டில் உட்கார வேண்டியதுதான். தெருவில் எதிர்ப்படுகிற பிள்ளைகள் எல்லாம் ஏன் மிஸ் வர மாட்டேங்கிய என்று கேட்கும். அதற்கு என்ன பதில் சொல்வாள்?

வேறு வழி தெரியாமல் அந்த ஒரு கட்டத்தில் போய் 0 என்று அடித்துப் பார்த்தாள். கம்ப்யூட்டர் டொங் என்று சத்தம் போட்டு ஒரு பலகையைக் காட்டியது: தொகுப்பின் ஒரு பகுதியை மட்டும் மாற்ற முடியாது. நாலு கட்டமும் சேர்ந்து வந்த விடை. ஒன்றை மட்டும் தனியே திருத்த அது விடாது. சத்தம் கேட்டு முன்வரிசைப் பெண் திரும்பிப் பார்த்தாள். ஷஃபீகா எஸ்கேப்பை அழுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

சத்தம் விஜயஸ்ரீக்கும் கேட்டிருந்தது. மேற்பார்வை பார்க்கிற மாதிரி நடந்துவந்து பின்னால் நின்றாள். திரையை ஒருமுறை பார்த்தாள். குமரகுருபரன் அறையின் அந்தக் கோடியில் முதல் வரிசைப் பையனின் மெஷினில் உட்கார்ந்திருந்தார்.

"அந்த எண்ணு சில கணக்குக்கு அப்படித்தான் வந்து தொலைக்கும்" என்று உதட்டை அசைக்காமல் சொன்னாள் விஜயஸ்ரீ. "நாலையும் அழிச்சுட்டு ஒண்ணு, பூஜ்யம், பூஜ்யம், ஒண்ணுன்னு நீயே அடிச்சிரு. எங்க பிள்ளைய எல்லாம் அப்படித்தான் செய்யுது."

"தப்பில்லயாட்டி?"

"விடை அதுதானட்டி. வெரசாச் செய்யி."

சொல்லிவிட்டு அவள் நகர்ந்துபோனாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கூடப் படித்தவள் நல்லா இருக்கணும் என்கிற பிரியத்தில் சொன்னது அது. அந்த லேபில் வருடக்கணக்காக நடந்துவருகிற வழக்கமும் அதுதான். சரிபார்த்தால் என்ன வரும் என்பது எல்லாருக்கும் முன்கூட்டியே தெரியும். தெரிந்த விடையை அடித்துப் பிரின்ட் எடுத்துவிட்டால் வேலை முடிந்தது.

ஷஃபீகா அழித்தாள். 1. 0. 0. 1. எவ்வளவு அழகாக உட்கார்ந்தன. மூச்சு வந்தது.

அந்த மூச்சு அதிக நேரம் நிலைக்கவில்லை. முதல் வரிசையில் குமரகுருபரனின் கட்டிய குரல் கேட்டது. "இந்தக் கட்டத்துல சூத்திரம் எங்கப்பா?"

பையன் ஏதோ முனகினான். அவர் மௌஸை எடுத்து, விடைக் கட்டங்களை ஒவ்வொன்றாகச் சொடுக்கினார். கட்டத்தைச் சொடுக்கினால் மேலே உள்ள பட்டையில் அதன் சூத்திரம் தெரியும். கையால் அடித்ததாக இருந்தால் வெறும் எண்தான் தெரியும்.

"ஒண்ணுன்னு நீயா அடிச்சிருக்க. பூஜ்யமும் நீயா அடிச்சிருக்க. அப்ப என்னத்தச் சரிபார்த்த? சரிபார்த்ததுக்கு மார்க் கிடையாது. மத்ததுல தேறுதியான்னு பாப்போம்."

அவர் சத்தம் போடவில்லை, திட்டவும் இல்லை. இருமல் மிட்டாயை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு அடுத்த மெஷினுக்கு நகர்ந்தார். ஷஃபீகாவுக்கு உள்ளங்காலில் தரை சில்லிட்டது. திரும்பி விஜயஸ்ரீயைப் பார்த்தாள். அவள் சுவரோரம் வெளிறிப்போய் நின்றுகொண்டிருந்தாள்.

இப்போது இரண்டு பக்கமும் அடி. கையால் அடித்ததை விட்டுவைத்தால் அவர் ஒரு சொடுக்கில் பிடித்துவிடுவார். எடுத்துவிட்டு மறுபடி பெருக்கினால் அந்தப் பாழாய்ப்போன 8.88 வந்து உட்காரும். பார்த்தவுடன் தப்பு என்று சொல்லிவிடுவார். அவர் ஒவ்வொரு மெஷினாக நெருங்கிக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் அவளுடைய கை என்ன செய்தது என்றால், கீபோர்டை விட்டுவிட்டுப் பேனாவை எடுத்தது. பழக்கதோஷம். வகுப்பில் ஒரு பிள்ளை விடை தெரியாமல் விழித்தால் "வாயை மூடு, கையால போடு" என்று சொல்கிறவள் அவள். விடைத்தாளில் கொஞ்சம் இடம் விட்டு, எழுத ஆரம்பித்தாள்.

இரண்டு மூன்று ஆறு. ஒன்று ஐந்து ஐந்து. ஆறில் ஐந்து போனால் ஒன்று. அணிக்கோவை 1, சரி. நேர்மாறு: மூலைவிட்டத்தில் இருக்கும் இரண்டையும் மூன்றையும் இடம் மாற்று, மற்ற இரண்டுக்கும் குறியை மாற்று, அணிக்கோவையால் வகு. ஒன்றால் வகுப்பதில் என்ன மாறப்போகிறது. 3, -1, -5, 2. மெஷின் சொன்னதும் இதுதான். இனிப் பெருக்கு. மூன்று இரண்டு ஆறு, கழித்தல் ஐந்து, ஒன்று. அடுத்தது அந்த மேல் வலது மூலை. மூன்று ஒன்று மூன்று. கழித்தல் ஒன்று மூன்று, கழித்தல் மூன்று. மூன்றில் மூன்று போனால் பூஜ்யம்.

பூஜ்யம்தான். சந்தேகமே இல்லை. கீழ் வரிசை: கழித்தல் பத்தும் பத்தும் பூஜ்யம். கழித்தல் ஐந்தும் ஆறும் ஒன்று.

தன் கையெழுத்தில் அந்த நாலு எண்களைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு மண்டை வேலை செய்ய ஆரம்பித்தது. 8.88E-16. அடக் கடவுளே, E என்றால் பத்தின் அடுக்கு இல்லையா? எட்டாம் வகுப்பில் வருடா வருடம் அவளே நடத்துகிற பாடம். கழித்தல் பதினாறாம் அடுக்கு என்றால் புள்ளிக்குப் பின்னால் பதினைந்து பூஜ்யம் போட்டு அதற்கப்புறம் அந்த எட்டு வரும். எட்டே முக்கால் எங்கே, இது எங்கே. இருக்கிறது என்று சொல்லவே வெட்கப்பட வேண்டிய எண் இது. இதற்குப் போய் இத்தனை நேரம் செத்துப் பிழைத்தோமே என்று அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

குமரகுருபரன் பக்கத்து மெஷினுக்கு வந்துவிட்டார். ஷஃபீகா 1, 0, 0, 1 இருந்த நாலு கட்டங்களையும் தேர்ந்து, அவற்றின் மேலேயே பெருக்கல் சூத்திரத்தை அடித்தாள். அவசரத்தில் என்டர் முந்திக்கொண்டது. திரையில் எதுவும் மாறவில்லை. முதல் கட்டம் மட்டும் சூத்திரத்துக்கு மாறியது, அதிலும் அதே 1 தானே வரும். மற்ற மூன்றும் அவள் அடித்த எண்கள். யா அல்லாஹ் என்று மறுபடி தேர்ந்து, மறுபடி சூத்திரம், இந்தத் தடவை மூன்று விரலையும் ஊன்றி அழுத்தினாள். மேல் வலது மூலையில் 8.88E-16 வந்தது. அதைப் பார்த்து நிம்மதிப்பட்டவள் அந்த லேபில் அவள் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும்.

நாற்காலியை இழுத்துப் போட்டுக் குமரகுருபரன் உட்கார்ந்தார். ஒவ்வொரு கட்டமாகச் சொடுக்கினார். எல்லாவற்றிலும் சூத்திரம். மூலைக்கு வந்ததும் நின்றார்.

"இது என்னம்மா?"

"பூஜ்யம் வரணும் சார். இது பத்தின் அடுக்கு கழித்தல் பதினாறு. ரொம்பச் சின்ன எண். கையில போட்டா பூஜ்யம்தான் வருது." தாளைக் காட்டினாள்.

"மெஷின்ல ஏன் வரல?"

"அது எனக்குத் தெரியல சார்."

அவர் தலையை ஆட்டினார். "நாம போடுத மாதிரி மெஷின் போடாது. உள்ள ரெண்ட அஞ்சால வகுக்கும். புள்ளி நாலுங்கத அதால முழுசா எழுதி வைக்க முடியாது. கடைசில ஒரு துளி மிஞ்சிரும். மிஞ்சினா அது கணக்குப் போட்டிருக்குன்னு அர்த்தம்."

சொல்லிக்கொண்டே, பழக்கத்தில் செய்கிறவர் மாதிரி, கீபோர்டில் இரண்டு விரலை வைத்துக் கடைசியாகச் செய்ததை அன்டூ போட்டுத் திருப்பினார். 8.88 மறைந்தது. அந்த இடத்தில் 0 வந்தது. அதைச் சொடுக்கினார். மேல் பட்டையில் சூத்திரம் இல்லை, வெறும் 0.

போச்சு என்றது மனசு, எல்லாம் போச்சு.

"முதல்ல இத அடிச்சிருக்கிய" என்றார் அவர்.

"ஆமா சார்."

"யாரு சொல்லித் தந்தா?"

விஜயஸ்ரீ எப்போதோ வந்து அவர்களுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவளுடைய மூச்சு ஷஃபீகாவுக்குக் கேட்டது. உள்தேர்வாளரே விடையை அடிக்கச் சொன்னார் என்று இவர் எழுதிப் போட்டால் அவள் கதி என்ன ஆகும் என்று ஷஃபீகாவுக்குத் தெரியும். தன் கதியும் தெரியும். ஒரு வாய்ச்சொல்லில் பாதிப் பாரத்தை இறக்கிவிடலாம்.

"நாந்தான் சார் அடிச்சேன். அந்த எண்ணப் பாத்துப் பயந்துட்டேன். அப்புறம் கையில போட்டேன், சரியா வந்துச்சு. அதான் அடிச்சதுக்கு மேலயே திரும்பப் பெருக்கிட்டேன்."

அவர் அவளைப் பார்த்தார். தாளில் அவள் போட்டிருந்த பெருக்கலைப் பார்த்தார்.

"நான்தான் சார் சொன்னேன்" என்றாள் விஜயஸ்ரீ.

ஷஃபீகா திரும்பினாள். வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினாள். விஜயஸ்ரீ அவளைப் பார்க்கவே இல்லை. குமரகுருபரனையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அடிச்சிரச் சொன்னது நான். இவ எங்கூடப் படிச்சவ. முதல்ல அங்கன அந்தப் பையனுக்கு மார்க்க வெட்டுனியல்லா, அவனும் நான் சொல்லிக்குடுத்தபடிதான் செஞ்சிருக்கான்."

முன்வரிசைப் பெண்ணின் விரல்கள் கீபோர்டில் நின்றுவிட்டன. குமரகுருபரன் மிட்டாயைக் கடித்து விழுங்கினார். பிறகு, திருப்பியதை மறுபடி முன்னுக்குத் தள்ளினார். 8.88E-16 தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தது.

"இப்படியே பிரின்ட் எடுங்கம்மா" என்றார். "அணிக்கோவை சரி. நேர்மாறு சரி. சரிபார்த்ததுல, முதல்ல அடிச்சதுக்காகக் கொஞ்சம் குறைப்பேன். கையால போட்டுப் பார்த்துட்டுத் திரும்ப வந்தியல்லா, அதுக்காக மீதியத் தருவேன். நீங்க தேறியாச்சு."

அப்புறம் விஜயஸ்ரீ பக்கம் திரும்பி, பைய, அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில், "அந்தப் பையனத் திரும்பக் கூப்பிடுங்க மேடம். இன்னொரு சீட்டு குடுப்போம். மத்தியானம் வாரவுங்ககிட்ட நீங்களே சொல்லிருங்க" என்றார். மேலிடத்துக்கு எழுதுவேன் என்றும் சொல்லவில்லை, எழுத மாட்டேன் என்றும் சொல்லவில்லை. சில மனிதர்கள் அப்படித்தான். கேட்டுத் தெரிந்துகொள்ளவும் தைரியம் வராது.

தேறியாச்சு என்ற சொல் ஷஃபீகாவின் காதில் விழுந்தது, ஆனால் வயிறு நம்பவில்லை. பிரின்டர் தாளைக் கக்கியது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வெளியே வந்து செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டாள். முதல் வரிசைப் பையன் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளைக் கடந்து உள்ளே ஓடினான். சாலோமி டீச்சருக்குப் போன் போட்டாள்.

"டீச்சர், நான் ஷஃபீகா. பாஸ் ஆயிட்டேன்."

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றார் சாலோமி டீச்சர். "பின்ன ஏம்மா குரல் இப்படி இருக்கு?"

பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் லேப் வாசலில் மத்தியான வரிசைப் பிள்ளைகள் சேர்ந்துவிட்டார்கள். விஜயஸ்ரீ கதவைப் பிடித்துக்கொண்டு அவர்கள் முன்னால் வந்து நின்றாள். மணிக்கணக்காக வகுப்பெடுத்துப் பழகிய குரல். அன்று அது பாதியில் உடைந்தது.

"எல்லாரும் கேளுங்க. சரிபார்க்கும்போது யாரும் எண்ண நீங்களா அடிக்காதிய. என்ன வருதோ அத அப்படியே வைங்க. இதுநாள் வரைக்கும் நான் உங்களுக்குச் சொல்லிக்குடுத்தது தப்பு."

பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விஜயஸ்ரீ வரிசையின் தலைகளுக்கு மேலாக ஷஃபீகாவைத் தேடிக் கண்டுபிடித்தாள். சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. போனில் சாலோமி டீச்சர் அம்மா, அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஷஃபீகா போனைக் காதிலிருந்து எடுக்காமலே சுவரில் சாய்ந்து அழுதாள். தன் வேலை நிலைத்ததற்கா, அங்கே நிற்கிறவளின் வேலை என்ன ஆகுமோ என்பதற்கா, அதைப் பிரித்துப் பார்க்க அவளுக்குத் தெரியவில்லை.